வெல்டிங் முடிந்த பிறகும் மூடாத சீட்டு

சேலத்திலிருந்து ஆத்தூர் செல்லும் வழியில் சேகோ ஆலைகள் அடுத்தடுத்து வரும். குச்சிக்கிழங்கை அரைத்து, பால் பிழிந்து, மாவைத் தனியே பிரித்து, ஜவ்வரிசியாகவும் ஸ்டார்ச்சாகவும் மாற்றும் ஆலைகள் அவை. அவற்றில் சிலவற்றில் வெயில் களத்துடன் 'ஃபிளாஷ் டிரையர்' என்ற உலர்த்தியும் இருக்கிறது. ஈர மாவைச் சூடான காற்றோடு ஒரு நீண்ட இரும்புக் குழாயில் மேலே ஊதி அனுப்புவார்கள். சில நொடிகளில் மாவு காய்ந்து, மேலே இருக்கும் சைக்ளோன் என்ற கூம்புக் கலத்தில் சுழன்று இறங்கும். மாவு மோதித் திரும்பும் வளைவுகளில் ஆண்டுக்கணக்கில் தகடு மெலிந்து போகும். ஒருநாள் விரற்கடை அகலத்துக்கு ஓட்டை விழும். வெள்ளைத் தூள் புகையாகக் கசியும். உடனே யாராவது வெல்டரைக் கூப்பிடச் சொல்வார்கள்.

வெல்டர் வருவதற்கு முன் ஒரு தாள் வர வேண்டும். ஆலைக்காரர்கள் அதை 'ஹாட் ஒர்க் பெர்மிட்' என்பார்கள். தமிழில் தீப்பணி அனுமதிச் சீட்டு எனலாம். வெல்டிங், கேஸ் கட்டிங், கிரைண்டிங் என நெருப்போ தீப்பொறியோ எழும் எந்த வேலைக்கும், அந்த வேலைக்கென்றே ஒதுக்கப்படாத இடத்தில் அதைச் செய்வதாக இருந்தால், இந்தச் சீட்டு வேண்டும். பட்டறைக்குள் வெல்டிங் மேசையில் செய்யும் வேலைக்கு இது தேவைப்படாது. பட்டறை என்பதே நெருப்புக்கு ஒதுக்கிய இடம்தான்.

நான் இந்தச் சீட்டுகளோடு நெடுங்காலம் வேலை பார்த்தவன். அவற்றில் மிகக் குறைவாகக் கவனிக்கப்படும் இடம் நேரம் எழுதும் கட்டம் என்று உறுதியாகச் சொல்வேன். எப்போது தொடங்கலாம், எதுவரை செல்லும், எப்போது மூடப்பட்டது என்று அதில் மூன்று நேரங்கள் உண்டு. இரண்டாவதையும் மூன்றாவதையும் பலர் ஒன்றாகவே நினைத்துவிடுகிறார்கள். ஒரு மாவு ஆலையில் அந்தக் குழப்பம் என்ன செய்யும் என்பதை நேரில் பார்த்திருக்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை செய்த ஓர் ஆலையில் சைக்ளோனுக்குக் கீழே ஒரு தாங்கியை வெல்டிங் செய்தார்கள். வேலை மதியம் 12.30 மணிக்கு முடிந்தது. சீட்டில் 'மாலை 5 மணி வரை செல்லும்' என்று இருந்தது. வேலைதான் முடிந்துவிட்டதே என்று எல்லோரும் அப்போதே கையெழுத்திட்டுச் சீட்டை மூடிவிட்டுச் சாப்பிடப் போனோம். 2.40 மணிக்குப் புளோயரை ஓட்டியதும் கஞ்சி அடிப்பிடித்த வாசம் வந்தது. அதற்குள் சைக்ளோனுக்கு அடுத்திருந்த தூசு வடிகட்டியின் துணிப் பைகள் எரியத் தொடங்கிவிட்டன. யாருக்கும் காயமில்லை. பிறகு திறந்து பார்த்தபோது, சைக்ளோனின் அடிக் கூம்பில் இறுகிக் கிடந்த மாவில் எலுமிச்சம்பழ அளவுக்குக் கருகிய ஒரு கூடு இருந்தது. வெல்டிங்கின் வெப்பமோ, இடுக்கில் விழுந்த ஒரு துளி கசடோ அங்கே இரண்டு மணி நேரம் புகையில்லாமல் கனன்றிருக்கிறது. புளோயர் அதற்குக் காற்றைக் கொடுத்தது. அன்றைய சீட்டில் எல்லாக் கட்டமும் சரியாக நிரப்பப்பட்டிருந்தது. அதனாலேயே எனக்கு அந்தத் தாள் மறக்கவில்லை.

மாவு எரிவதில் இரண்டு விதம் உண்டு. காற்றில் மேகமாகப் பரவி நிற்கும் மாவு, பொறி பட்டால் ஒரே கணத்தில் வெடிக்கும். 2015 ஜூன் 27 அன்று தைவானில் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் கூட்டத்தின் மேல் தூவிய வண்ணச் சோள மாவு அப்படித்தான் பற்றிக்கொண்டது. 15 பேர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானவர்களுக்குத் தீக்காயம். அது சமையலறையில் இருக்கும் அதே சோள மாவு. நம் மரவள்ளி ஸ்டார்ச்சும் அதே இனம்தான். இன்னொரு விதத்தில் மாவு படிவாகக் கிடக்கும். அதில் ஒரு சூடான துளி விழுந்தால் சுடர் வராது. உள்ளுக்குள் மெதுவாகக் கனலும், மேற்பரப்பு வெள்ளையாகவே இருக்கும். யாராவது அதைக் கலைத்தாலோ காற்றை ஊதினாலோ இரண்டாம் விதம் முதல் விதமாக மாறும்.

ஆலைகளில் புழங்கும் பெர்மிட் படிவங்களில் பெரும்பாலானவை எண்ணெய், எரிவாயு, வேதிப்பொருள் ஆலைகளின் படிவங்களைப் பார்த்து எழுதியவை. அவற்றில் வாயுச் சோதனை என்ற கட்டம் பெரிதாக இருக்கும். கையடக்கக் கருவியை வைத்துப் பார்த்து எண்ணை எழுத வேண்டும். சேகோ ஆலைக்கும் அந்தக் கட்டம் தேவைதான். கழிவுநீரிலிருந்து சாணவாயுவைப் போன்ற உயிர்வாயு எடுத்து, அதை உலர்த்தியின் பர்னரில் எரிக்கும் ஆலைகள் இங்கே இருக்கின்றன. அதில் பெரும்பகுதி மீத்தேன். காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்தால் அது வெடிக்கும். கருவி காட்டும் 100 என்பது அந்த 5 சதவீதத்தைக் குறிக்கும். கருவியில் 10 என்று காட்டினால் காற்றில் அரை சதவீதம் மீத்தேன் இருக்கிறது என்று பொருள். 10 வரை பரவாயில்லை என்று சில ஆலைகள் விதி வைத்திருக்கின்றன. என் கருத்தில் திறந்த இடத்தில் பூஜ்யத்தைத் தவிர வேறு எண் வந்தால், அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும்வரை பற்றவைக்கக் கூடாது. திறந்த வெளியில் 3 காட்டினாலும் எங்கோ ஒரு வால்வு கசிகிறது.

ஆனால் அந்தக் கருவிக்கு மாவு தெரியாது. ஒரு சாண் உயரத்துக்கு ஸ்டார்ச் குவிந்து கிடந்தாலும் அது பூஜ்யமே காட்டும். அந்தப் பூஜ்யத்தைப் பார்த்துவிட்டுப் பத்திரம் என்று கையெழுத்திடுவதுதான் மாவு ஆலையில் நடக்கும் முதல் பிழை. இங்கே கண்ணும் விரலும்தான் கருவி. தூசு படிந்த பரப்பின் அடிநிறம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரியாவிட்டால் சுத்தம் செய்யாமல் வேலை இல்லை. அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதிகள் சுமார் 0.8 மில்லிமீட்டர் படிவையே எல்லையாகக் கொண்டன. காகிதம் கோர்க்கும் கிளிப் கம்பியின் தடிமன் அவ்வளவுதான் இருக்கும்.

இனி ஒரு சீட்டை முதலிலிருந்து கடைசிவரை எழுதிப் பார்க்கலாம். முன்பு சொன்ன வளைவில் ஓட்டை. இடம் தரையிலிருந்து சுமார் 6 மீட்டர் உயரத்தில் உள்ள நடைமேடை. மூன்று ஷிப்டுகள், முதல் ஷிப்ட் காலை 6 முதல் பிற்பகல் 2 வரை.

சீட்டு கேட்டு வரும் பராமரிப்பு மேற்பார்வையாளரிடம் உற்பத்திப் பிரிவின் ஷிப்ட் பொறுப்பாளர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இதைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோக முடியாதா?" என்பது. வளைவின் இரு முனையும் போல்ட் போட்டு இணைத்திருந்தால், இரண்டு மணி நேரம் கூடுதலாகச் செலவழித்தாவது கழற்றுவதே சரி. அப்போது நெருப்பே மாவிடம் போகாது. பல படிவங்களில் இந்தக் கேள்விக்கு ஒரு கட்டம் இருக்கிறது. 'முடியாது' என்று டிக் செய்துவிட்டுத் தாண்டிப் போகிறார்கள். ஏன் முடியாது என்று ஒரு வரி எழுத வைத்தால் பாதிச் சீட்டுகள் தேவையே இல்லாமல் போகும். நம் கதையில் வளைவு குழாயோடு சேர்த்தே வெல்டிங் செய்யப்பட்டிருக்கிறது. கழற்ற வழியில்லை.

காலை 8.30 மணிக்கு ஈர மாவு ஊட்டுவதை நிறுத்துகிறார்கள். காற்று மட்டும் சிறிது நேரம் ஓடிக் குழாயில் மிச்சமிருக்கும் மாவை வெளியே தள்ளுகிறது. 9 மணிக்குப் பர்னரை அணைத்து, குழாய் ஆறிய பின் 9.20 மணிக்குப் புளோயரை நிறுத்துகிறார்கள். எலக்ட்ரீசியன் புளோயர், மாவு ஊட்டும் திருகு, சைக்ளோனுக்கு அடியில் சுழலும் வால்வு ஆகிய மூன்றின் மெயின் சுவிட்சையும் அணைத்துப் பூட்டுகிறார். சாவியை வைத்துக்கொண்டு அட்டையைத் தொங்கவிடுகிறார். பிறகு பொத்தானை அழுத்திப் பார்த்து, ஓடவில்லை என்று உறுதிசெய்கிறார். புளோயரைப் பூட்டுவது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், வெல்டிங்கின்போது அது தவறிச் சுழன்றாலும் பொறிகளை எல்லாம் சைக்ளோனுக்குள் உறிஞ்சிக்கொண்டு போய், அதே கணத்தில் அங்கே மாவு மேகத்தையும் கிளப்பிவிடும். உயிர்வாயு வரும் குழாயில் வால்வை மூடினால் மட்டும் போதாது. மூடிய வால்வும் கசியும். இணைப்பில் ஒரு முழுத் தகட்டைச் செருகி அடைக்க வேண்டும்.

அடுத்தது சுத்தம். இங்கே அழுத்தக் காற்றுக் குழாயை எடுத்து ஊதுவது ஆலைகளின் பழக்கம். தூசு படிவாகக் கிடந்ததை மேகமாக எழுப்பி, எட்டாத உத்தரங்களின் மேல் மறுபடி படியவைக்கும் வேலை அது. மென்மையான துடைப்பமும் ஈரத் துணியும் போதும். தூசுக்கென்று தயாரித்த வேக்குவம் இருந்தால் இன்னும் நல்லது. வளைவுக்கு மேலும் கீழும் உள்ள ஆய்வுக் கதவுகளைத் திறந்து உட்புறத்தைச் சுரண்டி எடுக்க வேண்டும். பலர் வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் வெல்டிங்கின் வெப்பம் தகட்டின் மறுபுறத்துக்குப் போகும். உள்ளே ஒட்டியிருக்கும் மாவுப் பொருக்குதான் முதலில் கருகும். சுரண்டிய பின் குழாயின் இருபுறமும் ஈரச் சாக்கைத் திணித்து அடைக்கிறார்கள். புளோயர் நின்றிருந்தாலும் உயரமான குழாய் புகைபோக்கியைப் போலத் தானே காற்றை மேலிழுக்கும். அந்த இழுப்பிலேயே பொறி சைக்ளோன் வரை போகும். எத்தனை சாக்குகள் திணித்தோம் என்பதைச் சீட்டில் எழுதிவைப்பது என் வழக்கம். எடுக்க மறந்தால் அடுத்த ஓட்டத்தில் அது வேறு ஆபத்து.

பிறகு சுற்றுப்புறம். தீப்பொறி விழும் இடத்திலிருந்து சுற்றிலும் 11 மீட்டருக்குள் எரியக்கூடியது எதுவும் இருக்கக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. நகர்த்த முடியாததைத் தீத்தடுப்புப் போர்வையால் மூட வேண்டும். ஆனால் இந்த அளவு தரையில் நின்று செய்யும் வேலைக்குப் பொருந்தும். 6 மீட்டர் உயரத்திலிருந்து விழும் துளி தரையில் தெறித்து உருண்டு இன்னும் தூரம் போகும். சேகோ ஆலையில் கீழே என்ன இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சணல் சாக்குக் கட்டுகள் இருக்கும். மாவு பிழிந்த சக்கையான திப்பி களத்தில் காய்ந்துகொண்டிருக்கும். சேர்வராயன் மலைப் பக்கமிருந்து காற்று வீசும் நாளில் காய்ந்த திப்பி ஒரு பொறிக்காகக் காத்திருக்கும் பொருள். அன்று காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று எழுத எந்தப் படிவத்திலும் நான் இடம் பார்த்ததில்லை. நானே ஓரத்தில் எழுதிவிடுவேன்.

10.50 மணிக்கு வாயுச் சோதனை. குழாயின் உள்ளேயும், உயிர்வாயுக் குழாயின் அடைப்பைச் சுற்றியும் பார்த்ததில் பூஜ்யம். நேரமும் எண்ணும் சோதித்தவர் பெயரும் எழுதப்படுகின்றன.

இப்போது கையெழுத்துகள். ஒவ்வொரு கையெழுத்தும் வெவ்வேறு வாக்கியத்துக்குப் போடப்படுவது. எலக்ட்ரீசியனின் கையெழுத்து, "நான் பூட்டினேன், ஓட்டிப் பார்த்தேன், ஓடவில்லை" என்கிறது. ஷிப்ட் பொறுப்பாளரின் கையெழுத்து, "இந்த இடம் என் பொறுப்பில் இருக்கிறது, நேரில் வந்து பார்த்தேன், நெருப்புக்குத் தயாராக இருக்கிறது" என்கிறது. பராமரிப்பு மேற்பார்வையாளர், "நிபந்தனைகளைப் படித்தேன், என் ஆட்களுக்கு எடுத்துச் சொன்னேன், இவற்றை மீறமாட்டோம்" என்கிறார். தீ எழுகிறதா என்று பார்த்து நிற்கவேண்டிய தீக்காவலர் தன் பெயரை எழுதி, "நான் இங்கிருந்து நகரமாட்டேன்" என்கிறார். கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவராக இருக்கக் கூடாது. வேலை முடியவேண்டும் என்ற அவசரம் வாங்குபவருக்கு இருக்கும். அந்த அவசரம் இல்லாத ஒருவர் கொடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் இரண்டு கையெழுத்து. அலுவலக மேசையில் உட்கார்ந்து போடும் கையெழுத்தைக் கண்டுபிடிப்பது எளிது. சீட்டில் மாவுக் கைரேகை இருக்காது. நடைமேடைக்கு ஏறிப் போனவரின் தாள் அவ்வளவு வெள்ளையாகத் திரும்பி வராது.

வெல்டர் ஒப்பந்தக்காரரின் ஆளாக இருந்தால் அவருக்குச் சீட்டைப் படித்துக் காட்ட வேண்டும். ஆங்கிலத்தில் அச்சடித்த படிவத்தில் அவரைக் கையெழுத்திட வைப்பதால் அவருக்கு எதுவும் தெரிந்துவிடாது. அவர் பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவர் என்றால் தமிழ்ப் படிவமும் போதாது. அவர் மொழி தெரிந்த ஒருவரை வைத்து இடத்திலேயே சொல்ல வேண்டும். உயரத்தில் ஏறுவதற்கான அனுமதிச் சீட்டு தனி. அதையும் இதோடு இணைக்கிறார்கள்.

காலை 11 மணிக்குத் தொடங்கலாம் என்று எழுதுகிறார்கள். எதுவரை? ஷிப்ட் 2 மணிக்கு முடிகிறது, அதுவரை எழுதலாம். பல ஆலைகளில் ஒரு ஷிப்ட், அதாவது 8 மணி நேரம், என்பதே உச்ச வரம்பு. ஆனால் ஒட்டுத் தகடு 20 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம்தான். ஒன்றரை மணி நேர வேலை. எனவே பொறுப்பாளர் பிற்பகல் 1 மணி என்று எழுதுகிறார். இது கஞ்சத்தனம் அல்ல. செல்லுபடிக் காலம் என்பது வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதைச் சொல்லும் கணக்கு மட்டுமல்ல. 10.50 மணிக்குப் பார்த்த நிலைமை எவ்வளவு நேரம் மாறாமல் இருக்கும் என்று பொறுப்பாளர் நம்பும் அளவும் அதுதான். பக்கத்து உலர்த்தி ஓடினால் தூசு மறுபடி படியும், சாக்கு காய்ந்துபோகும், காற்றுத் திரும்பும். நேரம் நீள நீளக் காலையில் போட்ட கையெழுத்துக்குப் பொருள் குறைகிறது. அதனால்தான் வேலை இடையில் நின்று எல்லோரும் சாப்பிடப் போய்த் திரும்பினால், 1 மணி ஆகாவிட்டாலும், மறுபடி பார்த்து மறுபடி எழுத வேண்டும். அபாயச் சங்கு ஒலித்தாலோ வாயு வாசம் வந்தாலோ சீட்டு அந்த நொடியே செல்லாது. எவ்வளவு நேரம் மிச்சமிருக்கிறது என்பது பொருட்டில்லை.

ஷிப்ட் மாற்றத்தைத் தாண்டி எந்தச் சீட்டும் தானாகச் செல்லக் கூடாது என்பதற்கும் காரணம் இருக்கிறது. 1988 ஜூலை 6 அன்று வட கடலில் பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய் மேடையில் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பகல் ஷிப்ட் கழற்றி வைத்திருந்தது. அதற்கான சீட்டின் செய்தி இரவு ஷிப்டுக்குப் போய்ச் சேரவில்லை. இரவில் அந்தப் பம்பை ஓட்டினார்கள். 167 பேர் இறந்தார்கள். அங்கே சீட்டு இருந்தது, கையெழுத்தும் இருந்தது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு அது கைமாறவில்லை.

நம் வளைவுக்கு வருவோம். வெல்டிங் மெஷினின் எர்த் கிளாம்பை வேலைக்கு அருகிலேயே, சுத்தம் செய்த தகட்டில் மாட்டுகிறார்கள். தூரத்து இரும்புத் தூணில் மாட்டினால் மின்சாரம் தளர்ந்த இணைப்புகள் வழியாகச் சுற்றி வரும், எதிர்பாராத இடத்தில் பொறி தெறிக்கும். தீக்காவலர் நடைமேடையிலேயே தண்ணீர்க் குழாயோடு நிற்கிறார். அது பூப்போலத் தெளிக்கும் முனை உள்ள குழாய், ஏனென்றால் வேகமாகப் பீய்ச்சும் தண்ணீரும் மாவைக் கிளப்பும். 12.25 மணிக்கு வெல்டிங் முடிகிறது.

இங்கிருந்துதான் அந்த மூன்றாவது நேரம் தொடங்குகிறது. வெல்டர் இறங்கிவிட்டார், தீக்காவலர் இறங்கக் கூடாது. வெல்டிங் முடிந்த பிறகு அரை மணி நேரம் காவல் வேண்டும் என்பது நெடுநாள் வழக்கம். அமெரிக்காவின் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் தன் 51பி விதியில் அதை 2019ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து ஒரு மணி நேரமாக உயர்த்தியது. அரை மணி நேரத்துக்குப் பிறகும் தீ எழுந்ததே காரணம். கனலும் மாவுக்கு ஒரு மணி நேரம்கூடப் போதாது என்பதற்கு எங்கள் 2.40 மணியே சாட்சி. ஆகவே 1.25 வரை இடைவிடாத காவல், அதன் பிறகு 3.25 வரை அரை மணிக்கு ஒருமுறை சுற்றிப் பார்ப்பது என்று எழுதுகிறார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் சீட்டின் பின்பக்கம் நேரமும் கையெழுத்தும் உண்டு. தீக்காவலருக்குச் சாப்பாடு மேலே போகிறது. இது சின்ன விஷயம் போலத் தோன்றும். பசித்தவர் இறங்கிவிடுவார், அதனால் எழுதுகிறேன்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 37ஆம் பிரிவில் இதற்கு ஒரு வரி எழுதியது. எரியக்கூடிய பொருள் இருந்த கலத்தில் வெல்டிங் செய்தால், பற்றும் ஆபத்து இல்லாத அளவுக்கு உலோகம் ஆறும்வரை அந்தப் பொருளை மறுபடி உள்ளே விடக் கூடாது என்பதே அதன் கருத்து. அந்த வரி நிமிடக் கணக்குச் சொல்லவில்லை, உலோகத்தைக் கேட்கச் சொன்னது. எனவே வெப்பம் அளக்கும் கைத்துப்பாக்கிக் கருவியால் தகட்டின் வெளிப்புறத்தையும், ஆய்வுக் கதவு வழியே உட்புறத்தையும் அளந்து எழுதுகிறார்கள்.

2 மணிக்கு ஷிப்ட் மாறுகிறது. காலைப் பொறுப்பாளர் அடுத்தவரைக் கையோடு நடைமேடைக்கு அழைத்துப் போய்க் காட்டி, சீட்டில் இருவரும் கையெழுத்திடுகிறார்கள். சீட்டு இன்னும் மூடப்படவில்லை. வேலை செய்ய அனுமதி 1 மணியோடு தீர்ந்துவிட்டது, ஆனால் பூட்டுகள் இன்னும் தொங்குகின்றன.

3.25 மணிக்குக் கடைசிச் சுற்று. தகடு வெறுங்கை வைக்கும் அளவுக்கு ஆறியிருக்கிறது. புளோயரைத் தொடுவதற்கு முன்னால் சைக்ளோனின் அடிக் கூம்பையும் தூசு வடிகட்டியின் அடிக்கதவையும் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்து, மூக்கை வைத்தும் பார்க்கிறார்கள். கருகல் வாசம் இல்லை, பழுப்பு நிறம் இல்லை. சாக்குகளை எண்ணி வெளியே எடுக்கிறார்கள். காலையில் நான்கு என்று எழுதியிருந்தது, இப்போதும் நான்கு. உயிர்வாயுக் குழாயில் செருகிய தகடு வெளியே வருகிறது. பராமரிப்பு மேற்பார்வையாளர் 'ஆட்களும் கருவிகளும் வெளியேறிவிட்டன' என்று எழுத, மதிய ஷிப்ட் பொறுப்பாளர் 3.45 என்று நேரமிட்டுச் சீட்டை மூடுகிறார். அதன் பிறகுதான் எலக்ட்ரீசியன் சட்டைப் பையிலிருந்து மூன்று சாவிகளை எடுக்கிறார்.